தீக்காயம்: எந்த மணி நேரத்தில் எது முதல் பிரச்சினை?

நர்சிங் படிக்கும் மாணவிகளுக்கு வார்டில் ஒரு நோயாளியை ஒதுக்கி, அவருக்கான கேர் பிளான் எழுதி வரச் சொல்வோம். அதில் ஐந்து படிகள். நோயாளியைப் பார்த்து, கேட்டு, அளந்து தகவல் சேர்க்க வேண்டும். அதிலிருந்து பிரச்சினைகளைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்த வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கு வைக்க வேண்டும். அந்த இலக்கை நோக்கி வேலை செய்ய வேண்டும். கடைசியாக, இலக்கு எட்டியதா என்று அளந்து பார்த்து, எட்டாவிட்டால் திட்டத்தை மாற்ற வேண்டும். உலகம் முழுக்க நர்சிங் கல்லூரிகளில் சொல்லித் தரும் முறை இதுதான்.

தீக்காய நோயாளியைக் கொடுத்தால், பல மாணவிகள் முதல் பிரச்சினை என்று எழுதுவது 'தோல் சேதம்' அல்லது 'வலி'. அது இயல்புதான். வார்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது வெந்த தோல், காதில் விழுவது அலறல். ஆனால் பெரிய தீக்காயத்தில் முதல் நாள் உயிருக்கு உலை வைப்பது இந்த இரண்டும் இல்லை. ஆறாம் நாள் உயிருக்கு உலை வைப்பது முதல் நாள் பார்த்ததே இல்லை. தீக்காய நோயாளியின் பிரச்சினை வரிசை மணிக்கு மணி, நாளுக்கு நாள் மாறும். அந்த மாற்றத்தோடு சேர்ந்து மாறாத கேர் பிளான் வெறும் காகிதம்.

இதை விளக்க, வகுப்பில் பாடமாக வைக்கும் ஒரு மாதிரி நோயாளியை எடுத்துக்கொள்வோம். 32 வயதுப் பெண், எடை 50 கிலோ. காலை 7 மணிக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது நைலான் நைட்டியில் தீப்பிடித்தது. 9 மணிக்கு மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறார்கள். நெஞ்சும் வயிறும் வெந்திருக்கின்றன. வலது கை தோளிலிருந்து விரல் வரை சுற்றிலும் வெந்திருக்கிறது. இடது முன்கையில் கொஞ்சம். நினைவு தெளிவாக இருக்கிறது. "தண்ணி குடுங்க சிஸ்டர், தண்ணி" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்.

முதல் பத்து நிமிடம்

புண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் நர்ஸ் பார்ப்பது மூக்கையும் வாயையும். மூக்கு மயிர் பொசுங்கியிருக்கிறதா, எச்சிலில் கரி இருக்கிறதா, குரல் கம்மியிருக்கிறதா? மூடிய அறையில் புகையோடு மாட்டிக்கொண்டவர்களுக்கு மூச்சுக்குழல் உள்ளே வீங்கும். காலையில் பேசிக்கொண்டிருந்தவருக்கு மதியம் மூச்சுப்பாதையே அடைபட்டுப் போகலாம். குரல் கம்முவது தெரிந்தால் உடனே மயக்க மருந்து மருத்துவரைக் கூப்பிட வேண்டும். நம் நோயாளிக்கு இந்த அறிகுறிகள் இல்லை.

அடுத்து வளையல், மோதிரம், மெட்டி. இன்னும் சில மணி நேரத்தில் கை வீங்கும். அப்போது வளையல் கையை இறுக்கிக் கட்டிய கயிறு மாதிரி ஆகிவிடும். கழற்ற முடியாவிட்டால் வெட்டி எடுக்க வேண்டும். வீட்டார் முகம் சுளித்தாலும் காத்திருக்கக் கூடாது.

பிறகு காயத்தின் பரப்பைக் கணக்கிட வேண்டும். பெரியவர்களின் உடம்பை ஒன்பது ஒன்பதாகப் பிரிப்பது வழக்கம். தலை 9 சதவீதம், ஒவ்வொரு கையும் 9, உடம்பின் முன்பக்கம் 18, பின்பக்கம் 18, ஒவ்வொரு காலும் 18, பிறப்புறுப்புப் பகுதி 1. சின்னச் சின்னத் திட்டுகளாக இருந்தால் நோயாளியின் சொந்த உள்ளங்கையை, விரல்களும் சேர்த்து, ஒரு சதவீதமாக வைத்து அளக்கலாம். நம் நோயாளிக்கு நெஞ்சும் வயிறும் 18, வலது கை 9, இடது முன்கையில் மூன்று உள்ளங்கை அளவு. மொத்தம் 30 சதவீதம். கொப்புளம் இல்லாமல் வெறுமனே சிவந்திருக்கும் தோலை இதில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் கணக்கு ஏறிவிடும், ஏற்றும் மருந்துநீரும் அளவுக்கு மிஞ்சிவிடும். குழந்தைகளுக்குத் தலை பெரியது, கால் சின்னது. அதனால் அவர்களுக்கு வேறு கணக்கு.

கசியும் நீர்

காயம் வெளியே தெரிகிறது. நீர் இழப்பு தெரிவதில்லை. பெரிய தீக்காயம் பட்டதும் உடம்பு வெளியிடும் ரசாயனங்கள், நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவரைச் சல்லடையாக்கிவிடுகின்றன. ரத்தத்தின் திரவப் பகுதி, புரதத்தையும் இழுத்துக்கொண்டு திசுக்களுக்குள் கசிகிறது. காயம் படாத இடங்களும் வீங்குவது இதனால்தான். முதல் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் இந்தக் கசிவு கடுமையாக இருக்கும். ஒரு நாள் போல ஆனதும் குறையத் தொடங்கும். அதற்குள் ரத்தக்குழாய்க்குள் நீர் வற்றினால் முதலில் சிறுநீரகம் தவிக்கும், பிறகு மற்ற உறுப்புகள். அந்தப் பெண் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டது இந்த வறட்சியின் குரல்.

எனவே முதல் நாள் கேர் பிளானில் முதல் வரி இப்படி அமைய வேண்டும்: 'தீக்காயத்தால் ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிவதால் உடலில் நீர்ப் பற்றாக்குறை, சான்று: நாடித்துடிப்பு 124, நாக்கு வறட்சி, சிறுநீர் குறைவு.' பிரச்சினை, காரணம், சான்று என்று மூன்றும் இதில் உண்டு. இலக்கும் அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும். 'நோயாளி நலமாக இருப்பார்' என்று எழுதினால் அதை எந்த மணிக்கு, எதைக் கொண்டு சோதிப்பது? 'மணிக்கு 30 முதல் 50 மில்லி வரை சிறுநீர் கழிப்பார். நாடித்துடிப்பு 120-க்குள் வரும். நினைவு தெளிவாக இருக்கும்' என்று எழுதினால் அடுத்த ஷிப்டுக்கு வரும் நர்ஸும் அதை வைத்து வேலை செய்யலாம்.

எவ்வளவு நீர் ஏற்றுவது? அமெரிக்காவின் டல்லஸ் நகரில் உள்ள பார்க்லேண்ட் மருத்துவமனையின் பெயரால் வழங்கும் சூத்திரம் இங்கே பரவலாகப் பயன்படுகிறது. எடையையும் காயத்தின் சதவீதத்தையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கினால் முதல் 24 மணி நேரத்துக்கு வேண்டிய மில்லி கிடைக்கும். 50 × 30 × 4 = 6,000 மில்லி. ஏற்றுவது ரிங்கர் லாக்டேட், வார்டு பேச்சில் ஆர்.எல். பாட்டில். இதில் பாதியை முதல் எட்டு மணி நேரத்திலும் மீதியை அடுத்த பதினாறு மணி நேரத்திலும் ஏற்ற வேண்டும்.

மாணவிகள் இடறும் இடம் இதுதான். அந்த எட்டு மணி நேரம் மருத்துவமனைக்கு வந்த நேரத்திலிருந்து தொடங்குவதில்லை, தீ பட்ட நேரத்திலிருந்து தொடங்குகிறது. நம் நோயாளிக்குத் தீப்பிடித்தது 7 மணிக்கு. ஆக முதல் பாதியான 3,000 மில்லி பிற்பகல் 3 மணிக்குள் போய்ச் சேர வேண்டும். அவர் வந்தது 9 மணிக்கு, கையில் இருப்பது ஆறு மணி நேரம். மணிக்கு 500 மில்லி, அதாவது மணிக்கு ஒரு முழு பாட்டில். வழக்கமான டிரிப் செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி. அப்படிப் பார்த்தால் நிமிடத்துக்கு 167 சொட்டு. கண்ணால் எண்ணி வைக்கிற வேகம் இல்லை அது. அதனால்தான் பம்ப் வேண்டும். அல்லது இரண்டு பெரிய ஊசிகள் போட்டு இரண்டு பாட்டில்களை ஒரே நேரத்தில் ஓடவிட வேண்டும்.

ஆனால் சூத்திரம் தொடக்கம் மட்டும்தான். விபத்து சிகிச்சைக்கான ஏ.டி.எல்.எஸ். வழிகாட்டியின் 2018 பதிப்பு, பெரியவர்களுக்கு நான்குக்குப் பதில் இரண்டால் பெருக்கித் தொடங்கச் சொல்கிறது. அந்தக் கணக்கில் இதே பெண்ணுக்கு 3,000 மில்லிதான் வரும். ஒரே நோயாளிக்கு இரண்டு நல்ல கணக்குகள், ஒன்று மற்றதைப் போல இரு மடங்கு! அப்படியானால் எது சரி என்று யார் சொல்வது? நோயாளியின் சிறுநீர்தான் சொல்லும். அதனால்தான் சிறுநீர்க் குழாய் போட்டு, மணிக்கு மணி அளவு பார்க்கும் யூரோமீட்டரை மாட்டுகிறார்கள். டெக்ஸ்ட்ரோஸ் பாட்டில்களைக் கொண்டு இந்த நீரை ஈடுகட்டாததற்கும் காரணம் இதுதான். ரத்தத்தில் ஏறும் சர்க்கரை சிறுநீரை வலுக்கட்டாயமாக இழுத்து வெளியே தள்ளும். அளவு நன்றாகத் தெரியும், உள்ளே வறட்சி இருக்கும்.

நம் நோயாளிக்கு 12 மணிக்கு 18 மில்லி சிறுநீர். 1 மணிக்கு 15. நர்ஸ் முதலில் குழாய் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பார்க்கிறார். குழாயில் குறையில்லை. நாடித்துடிப்பு 124-லேயே நிற்கிறது. மருத்துவருக்குச் சொல்கிறார். ஏற்றும் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு கூட்டி மணிக்கு 600 மில்லி ஆக்குகிறார்கள். 2 மணிக்கு 24 மில்லி, 3 மணிக்கு 34. இலக்கு எட்டியது. இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. அடுத்த பதினாறு மணி நேரத்துக்குச் சூத்திரம் சொல்வது மணிக்குச் சுமார் 188 மில்லி. மணி மூன்று அடித்ததும் 600-லிருந்து 188-க்குத் தடாலென்று இறக்கினால் சிறுநீர் மறுபடி குறையும். அளவைப் பார்த்துப் பார்த்துப் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

கூடினாலும் ஆபத்துதான். மாலையில் சிறுநீர் 80 மில்லியாக வந்தால் மாணவி சந்தோஷப்படக் கூடாது, வேகத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். தேவைக்கு மேல் ஏற்றிய நீர் நுரையீரலில் கோக்கும், வயிற்றுக்குள் அழுத்தத்தைக் கூட்டும், வெந்த கையை இன்னும் வீங்க வைக்கும். தீக்காய மருத்துவத்தில் இதற்கு ஃப்ளூயிட் கிரீப் என்றே ஒரு பெயர் உண்டு.

சாகவும் பிழைக்கவும் கூடிய தோல்

இந்த நீருக்கும் புண்ணுக்கும் என்ன தொடர்பு? இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் பணியாற்றிய டக்ளஸ் ஜாக்சன் என்ற அறுவை மருத்துவர் 1953-இல் தீக்காயத்தை மூன்று வட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். நடுவில் இருப்பது வெந்து செத்த திசு, அதை மீட்க முடியாது. வெளி வட்டம் வெறும் சிவப்பு, அது தானே ஆறிவிடும். இரண்டுக்கும் நடுவே இருப்பதுதான் முக்கியம். அங்கே ரத்த ஓட்டம் மந்தமாகியிருக்கும், ஆனால் திசு இன்னும் சாகவில்லை. அடுத்த இரண்டு மூன்று நாளில் அது பிழைக்கலாம், சாகலாம். ரத்தக்குழாயில் நீர் வற்றினால் அது சாகும். அளவுக்கு மிஞ்சி வீங்கினாலும் சாகும். கிருமி தொற்றினாலும் சாகும். நீர், புண், தொற்று என்று கேர் பிளானில் தனித்தனி வரிகளாக எழுதுவதெல்லாம் உண்மையில் இந்த நடு வட்டத்தில்தான் சந்திக்கின்றன. முதல் நாள் ஏற்றும் ஆர்.எல். பாட்டிலும் புண்ணுக்குச் செய்யும் சிகிச்சைதான்.

வலது கை சுற்றிலும் வெந்திருப்பதால் இன்னொரு கவலை உண்டு. வெந்து தடித்த தோல் விரியாது. உள்ளே வீக்கம் ஏற ஏற, கைக்குப் போகும் ரத்தம் அழுத்தப்படும். நர்ஸ் கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்து, மணிக்கு ஒரு தடவை விரல் நுனியைப் பார்க்க வேண்டும். நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். விரல் சில்லிட்டாலோ, நீலம் பாரித்தாலோ, மரத்துப்போகிறது என்று நோயாளி சொன்னாலோ உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். தடித்த தோலை நீளவாக்கில் கீறி அழுத்தத்தை விடுவிப்பார்கள். சில மணி நேரம் தாமதித்தால் விரல்களே போய்விடும்.

வலியா, மூச்சுத் திணறலா?

காயம் ஆழமாக ஆழமாக வலி கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். தோலின் மேலடுக்குகள் மட்டும் வெந்து, கொப்புளம் கட்டி, ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்கும் காயம்தான் தாங்க முடியாமல் எரியும். முழுத் தடிமனும் வெந்த தோல் வெளுத்தோ கருத்தோ, பதனிட்ட தோல் போல விறைத்திருக்கும். நரம்பு நுனிகள் அழிந்துவிட்டதால் குத்தினாலும் தெரியாது. "வலிக்கவே இல்ல சிஸ்டர்" என்று நோயாளி சொல்லும் இடத்தைத்தான் அறுவை மருத்துவர் முதலில் பார்ப்பார்.

முதல் இரண்டு நாளில் வலி மருந்தைச் சிரை வழியாகத்தான் கொடுக்க வேண்டும். தசையில் ஊசி போட்டால், ரத்த ஓட்டம் குறைந்த, வீங்கிய உடம்பில் மருந்து போட்ட இடத்திலேயே தங்கிவிடும். வலி குறையவில்லையே என்று மறுபடி போடுவார்கள். பிறகு ரத்த ஓட்டம் சீரானதும் தங்கிய மருந்தெல்லாம் ஒன்றாக ரத்தத்தில் சேர்ந்து மூச்சை அடக்கிவிடும். எனவே மருத்துவர் உத்தரவுப்படி மார்ஃபினைச் சின்ன அளவுகளாகச் சிரையில் செலுத்தி, வலியை 0 முதல் 10 வரை மதிப்பெண் கேட்டு, மூச்சு எண்ணிக்கையையும் கூடவே குறித்துக்கொண்டு போக வேண்டும். மார்ஃபினை முறிக்கும் நலோக்சோன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

நோயாளி திடீரென்று புரண்டு படுத்து, குழாயைப் பிடுங்கி, கத்தினால் வலி என்று எண்ணி மார்ஃபினைத் தேடி ஓடக் கூடாது. மூளைக்குப் பிராணவாயு போதாதபோதும், ரத்தம் போதாதபோதும் மனிதர்கள் இப்படித்தான் தவிப்பார்கள். முதலில் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டரைப் பார்க்க வேண்டும், பிறகு கடந்த மணி நேரத்தின் சிறுநீர் அளவை. இரண்டும் சரியாக இருந்தால்தான் அது வலி.

நாள் முழுக்க இருக்கும் வலி வேறு, டிரஸ்ஸிங் மாற்றும்போது வரும் வலி வேறு. இரண்டாவதற்குத் தனி மருந்து, தனி நேரம் வேண்டும். மாத்திரையாகக் கொடுத்தால் டிரஸ்ஸிங்குக்கு முக்கால் மணி முன்னால் கொடுக்க வேண்டும். பெரிய டிரஸ்ஸிங்குக்கு மயக்க மருந்து மருத்துவர் கெட்டமைன் கொடுப்பது உண்டு. மருந்து வேலை செய்வதற்கு முன்னால் கட்டைப் பிரித்தால், அடுத்த நாள் டிராலி உருளும் சத்தம் கேட்டதுமே நோயாளி நடுங்கத் தொடங்குவார். அந்தப் பயம் வலியை இன்னும் கூட்டும். "அக்கா, இப்போ கையைத்தான் பிரிக்கப்போறேன். தாங்க முடியலேன்னா இடது கையைத் தூக்குங்க, நிறுத்திடறேன்" என்று சொல்லி, அவர் தூக்கியதும் உண்மையிலேயே நிறுத்த வேண்டும். இதையும் கேர் பிளானில் எழுத வேண்டும்.

டிரஸ்ஸிங்

டிரஸ்ஸிங் அறை கதகதப்பாக இருக்க வேண்டும். தோல் இல்லாத உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். ஒட்டிக்கொண்ட கட்டை இழுக்காமல், சலைன் ஊற்றி நனைத்து எடுக்க வேண்டும். பழைய மருந்தையும் செத்த தோலையும் மெல்லக் கழுவித் துடைத்த பிறகு சில நொடிகள் வெறுமனே புண்ணைப் பார்க்க வேண்டும். நிறம் என்ன, ஈரம் எவ்வளவு, வாடை உண்டா, ஓரத்தில் சிவப்பு நேற்றைவிடப் பரவியிருக்கிறதா? மருந்து தடவியபின் இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்காது. கட்டும்போது ஒவ்வொரு விரலையும் தனித்தனியாகச் சுற்ற வேண்டும். சேர்த்துக் கட்டினால் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஆறிவிடும். நெஞ்சும் கையும் வெந்திருப்பதால் கையை உடம்போடு ஒட்டாமல் பக்கவாட்டில் விரித்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அக்குளில் தோல் சுருங்கி, ஆறிய பிறகு தலை வாரக்கூடக் கையைத் தூக்க முடியாது.

நம் மருத்துவமனைகளில் அதிகம் தெரிந்தது வெள்ளை நிற சில்வர் சல்ஃபாடயஸின் களிம்பு. விலை குறைவு, பல கிருமிகளை அடக்கும். ஆனால் புண்மேல் ஒரு மஞ்சள் படலத்தை உண்டாக்கிக் காயத்தின் ஆழத்தை மறைக்கும். அடிக்கடி மாற்ற வேண்டும். ஆழமில்லாத காயம் ஆறுவதையும் கொஞ்சம் தாமதப்படுத்தும். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கூடாது. எனவே ஆழமில்லாத காயங்களுக்கு கொலாஜன் தாள், பல நாள் விட்டுவைக்கக்கூடிய சில்வர் டிரஸ்ஸிங் போன்றவற்றையும் பயன்படுத்துகிறார்கள். கிருமிநீக்கம் செய்த வாழை இலையை வைத்துக் கட்டும் முறையை மும்பை மருத்துவர்கள் சோதித்துப் பார்த்து, ஒட்டாமல் வலியில்லாமல் எடுக்க முடிகிறது என்று எழுதியிருக்கிறார்கள். கிருமிநீக்கம் செய்த இலை என்பதை மறக்க வேண்டாம். வீட்டு இலைக்கு இது பொருந்தாது.

மூன்றாம் நாள் நம் நோயாளியின் நெஞ்சுப் பகுதி இளஞ்சிவப்பாக, அழுத்தினால் வெளுத்து மறுபடி சிவக்கிறது. இது தானே ஆறும். வலது மேல்கையில் ஒரு பகுதி வெள்ளையாகவே நிற்கிறது, அழுத்தினாலும் மாறவில்லை. மூன்று வாரத்துக்குள் ஆறாத காயம் தடித்த தழும்பாகும் என்பதால், அந்த இடத்துக்கு மட்டும் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட முடிவு செய்கிறார்கள். கேர் பிளானில் இப்போது புதிய வரிகள் சேரும்.

ஆறாம் நாள்

புதுத் தீக்காயத்தில் கிருமிகள் ஏறக்குறைய இருக்காது, வெப்பம் மேலே உள்ளவற்றைக் கொன்றுவிடும். ஆனால் மயிர்க்கால்களில் பதுங்கியவை இரண்டு நாளில் பெருகும். ஒரு வாரத்துக்குள் குடலிலிருந்தும், மருத்துவமனைச் சுற்றுப்புறத்திலிருந்தும், மற்றவர்களின் கைகளிலிருந்தும் சூடோமோனாஸ் போன்ற கடுமையான கிருமிகள் வந்து குடியேறும். முதல் நாள் கேர் பிளானில் தொற்றை 'ஆபத்து' என்றுதான் எழுதுவோம். இன்னும் நடக்காத ஒன்றுக்குச் சான்று இருக்காது, ஆபத்துக்கான காரணங்கள் மட்டும் இருக்கும்: தோல் என்ற காப்பு போனது, சிரை ஊசி, சிறுநீர்க் குழாய், குறைந்த எதிர்ப்பு சக்தி. முதல் வாரத்தின் முடிவில் வரிசையில் இதுவே முதலிடத்துக்கு வந்துவிடும்.

தொற்று வந்தால் காய்ச்சல் அடிக்கும் என்று காத்திருக்கக் கூடாது. பெரிய தீக்காயம் பட்ட உடம்பு தொற்று இல்லாமலே 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாக இருக்கும். சந்தேகப்பட வேண்டியது அந்த வழக்கத்திலிருந்து விலகும்போது. வெப்பம் 39 டிகிரியைத் தாண்டினாலும் 36.5-க்குக் கீழே இறங்கினாலும் எச்சரிக்கை. நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று பிதற்றினால், குழாய் வழி கொடுத்த கஞ்சி செரிக்காமல் வாந்தியாக வந்தால், ரத்தத் தட்டணுக்கள் சரிந்தால், சர்க்கரை காரணமில்லாமல் ஏறினால் எச்சரிக்கை. புண்ணிலும் தெரியும்: கட்டில் பச்சை நிறம், இனிப்பான ஒரு வாடை, இளஞ்சிவப்பாக இருந்த இடம் கருத்துப்போவது.

நம் நோயாளிக்கு ஆறாம் நாள் காலையில் வெப்பம் 36.2. "காய்ச்சல் விட்டுடுச்சு" என்று வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். நர்ஸ் நிம்மதி அடையவில்லை. பேச்சில் ஒரு தடுமாற்றம், காலையில் கொடுத்த உணவு வாந்தி, மேல்கைக் கட்டில் பச்சைக் கறை. மருத்துவரிடம் உடனே சொல்கிறார். ரத்தமும் புண்ணின் மாதிரியும் கல்ச்சருக்குப் போகின்றன, கிருமிக்கேற்ற மருந்து தொடங்குகிறது, கெட்ட திசுவை அன்றே நீக்குகிறார்கள். முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டால் இதைத் தவிர்க்கலாமே என்று தோன்றும். அப்படிக் கொடுத்தால் எளிய கிருமிகள் செத்து, மருந்துக்கு அடங்காதவை மிஞ்சும். அதனால் வழிகாட்டிகள் அதைப் பரிந்துரைப்பதில்லை. தடுப்பு என்பது டெட்டனஸ் ஊசி, ஒவ்வொரு நோயாளிக்கும் முன்னும் பின்னும் கை கழுவுவது, தேவை முடிந்ததும் குழாய்களை எடுப்பது, பார்வையாளர்களைக் கட்டுப்படுத்துவது, சாப்பாடு.

சாப்பாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தப் பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 2,400 கலோரியும் 75 முதல் 100 கிராம் வரை புரதமும் வேண்டும். காயம் படாத நாளில் அவர் சாப்பிட்டதைவிட இது கணிசமாக அதிகம். ஆனால் முட்டை சாப்பிட்டால் சீழ் வைக்கும், கறி சாப்பிட்டால் புண் ஆறாது என்று பத்தியச் சாப்பாடு கொண்டுவரும் உறவினர்கள் நிறையப் பேர். புரதம் இல்லாமல் புதுத் தோல் வளராது, கிருமியை எதிர்க்கும் அணுக்களும் உருவாகா. அவர்களை உட்காரவைத்து விளக்குவதும் நர்ஸின் வேலைதான், அதுவும் கேர் பிளானில் ஒரு வரி.

மாணவியின் நோட்டில் கடைசிக் கட்டம் மதிப்பீடு. 'சிகிச்சை அளிக்கப்பட்டது' என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது. 'நீர் இலக்கு முதல் நாள் 3 மணிக்கு எட்டப்பட்டது. டிரஸ்ஸிங் வலி 8-லிருந்து 4-க்குக் குறைந்தது, இலக்கு 3, எனவே மருந்து நேரம் மாற்றப்பட்டது. தொற்றுத் தடுப்பு இலக்கு ஆறாம் நாள் எட்டப்படவில்லை, திட்டம் மாற்றப்பட்டது' என்று எழுத வேண்டும். எட்டாததை எட்டவில்லை என்று எழுதும் நர்ஸின் நோட்டுதான் அடுத்த ஷிப்டுக்குப் பயன்படும்.

நோட்டின் முதல் வரியை எழுதுவது நோயாளியின் வீட்டார். உங்கள் வீட்டில் யாருக்காவது தீப்பட்டால், எரியும் துணியை அணைத்து எடுங்கள். காயத்தின்மேல் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். மூன்று மணி நேரத்துக்குள் எப்போது செய்தாலும் பலன் உண்டு. காயம் பெரிதாக இருந்தாலோ குழந்தையாக இருந்தாலோ மற்ற உடம்பைப் போர்த்தி வையுங்கள், குளிரில் நடுங்கத் தொடங்கினால் நிறுத்துங்கள். ஐஸ், பேஸ்ட், இங்க், இட்லி மாவு எதுவும் வேண்டாம். அவை காயத்தின் ஆழத்தை மறைக்கும், கழுவி எடுப்பதற்குள் நோயாளி துடித்துப்போவார். வளையலையும் மோதிரத்தையும் உடனே கழற்றுங்கள். சுத்தமான துணியால் மூடி 108-ஐ அழையுங்கள். கடிகாரத்தைப் பார்த்துத் தீப்பிடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் நர்ஸ் போடும் முதல் கணக்கு அந்த நேரத்திலிருந்துதான் தொடங்குகிறது.